ஐம்பது சென்ட் பியூஸ் ஹோல்டரும் ஒரு பழைய கதையும்

மூணு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல சர்வர் ஒண்ணு படுத்துக்கிச்சு. ஒரு முழு ராத்திரி மல்லுக்கட்டி சரி பண்ணினேன். மறுநாளே குறிப்பும் எழுதி வச்சேன். பெருமையா இருந்துச்சு. போன மாசம் அதே பிரச்சினை திரும்ப வந்து, புதுசா சேர்ந்த தம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடியிருக்கான். என் குறிப்பு அவன் கண்ணுல படவே இல்ல. ஏன்னு யோசிச்சப்போ, எப்பவோ படிச்ச ஜெராக்ஸ் மெக்கானிக்குகளோட கதை ஞாபகம் வந்துச்சு. அதைத்தான் சொல்லப் போறேன்.

1980கள்ல ஜூலியன் ஆர்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர், ஜெராக்ஸோட பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்துல இருந்தார். காப்பியர் ரிப்பேர் பண்றவங்க பின்னாடியே சுத்தி, அவங்க எப்படி வேலை பார்க்குறாங்கன்னு கவனிச்சார். கம்பெனி தடிதடியா கையேடு குடுத்திருந்துச்சு. இந்த எரர் வந்தா இதைச் சோதி, அது இல்லன்னா அடுத்ததைச் சோதின்னு வரிசையா போகும். ஆனா மெஷின் கையேட்டைப் படிச்சுட்டா கெட்டுப் போகுது?

அவர் பதிவு பண்ணின ஒரு சம்பவம். மெஷின் E053னு எரர் காட்டுது. கையேட்டுப்படி அது 24 வோல்ட் பவர் சப்ளையில கோளாறு. அதை நம்பிப் போனா நல்லா இருக்குற பாகத்தைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கணும். உண்மையான வில்லன் வேற: டைகோரோட்ரான். காப்பி எடுக்கறதுக்காக உயர் மின்னழுத்தத்துல மின்னேற்றம் குடுக்குற பாகம் அது. அது ஷார்ட் ஆனா மெஷின் தப்பான ஆளைக் காட்டிக் குடுக்குது. கூடவே F066ன்னு ஒண்ணு வந்தா அதுதான் சரியான துப்பு. இது ஒரு டெக்னீஷியன் இன்னொருத்தருக்கு வாயால சொன்ன கதை. காலைச் சாப்பாட்டு மேசைல இப்படித்தான் மாத்தி மாத்தி கதை பேசுவாங்க. கதைக்குள்ளதான் ரிப்பேரே இருந்துச்சு. ஆர் இதையெல்லாம் 1996ல புத்தகமாவும் போட்டார்.

சிக்கல் என்னன்னா, கதை அந்த மேசையைத் தாண்டாது. பக்கத்து ஊர்க்காரர் அதே E053 கூட மறுபடியும் முதல்ல இருந்து மல்லுக்கட்டணும்.

1990கள்ல அதே மையத்து ஆட்கள் பிரான்ஸ் டெக்னீஷியன்களோட சேர்ந்து இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. பேரு யுரேகா. கையேட்டுல இல்லாத ஒரு கோளாறைத் தீர்த்தவர், அதைச் சின்னக் குறிப்பா எழுதி அனுப்பணும். அந்த மெஷின்ல அனுபவசாலியான இன்னொருத்தர் சரிபார்த்த பிறகு எல்லாருக்கும் போகும். எழுதினவர் பேரும் அதுலயே இருக்கும். குறிப்புக்குக் காசு குடுக்கலாமான்னு பேச்சு வந்தப்போ, வேணாம், பேரைப் போடுங்க போதும்னு முடிவாச்சு. நியாயம்தானே? காசுன்னா எண்ணிக்கைக்காகக் கண்டதையும் எழுதித் தள்ளுவோம். பேருன்னா, நாளைக்கு சக தொழிலாளி மூஞ்சில முழிக்கணுமே!

பலன் என்னன்னு கேட்டா, எல்லாரும் சொல்ற உதாரணம் இது. பிரேசில்ல ஒருத்தர் சுமார் 40,000 டாலர் கலர் காப்பியரையே மாத்திடலாம்னு இருந்தார். மாண்ட்ரியால் டெக்னீஷியன் எழுதி வச்ச குறிப்பு கண்ணுல பட்டுச்சு. ஐம்பது சென்ட் பியூஸ் ஹோல்டரை மாத்தினார். மெஷின் ஓடிடுச்சு.

குறிப்போட அமைப்பு ரொம்ப எளிசு: அறிகுறி, காரணம், சோதனை, செய்ய வேண்டியது. மேல சொன்ன கதையை நானே அப்படி எழுதிப் பார்த்தேன்.

அறிகுறி: மெஷின் நின்னு போய் E053 காட்டுது, F066ம் வருது.
காரணம்: டைகோரோட்ரான் ஷார்ட்.
சோதனை: பவர் சப்ளையில கை வைக்காம முதல்ல டைகோரோட்ரான்களைப் பாரு.
செய்ய வேண்டியது: ஷார்ட் ஆனதை மாத்து.

முதல் வரியைப் பாருங்க. மாட்டிக்கிட்டு முழிக்கறவன் கண்ணுக்குத் தெரியறது அது மட்டும்தான். டைகோரோட்ரான்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா அவன் ஏன் தேடப் போறான்?

இங்கதான் நான் கோட்டை விட்டேன். என் குறிப்போட தலைப்பு "லாக் ரொட்டேஷன் செட்டிங் திருத்தம்". அது நான் கண்டுபிடிச்ச காரணம். அந்தத் தம்பி தேடினது திரையில வந்த `No space left on device`. அந்த வரி என் குறிப்புல எங்கயுமே இல்ல. ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததுக்குள்ள அறிகுறி எனக்கு மறந்து போச்சு, காரணம் மட்டும் மனசுல நின்னுச்சு. விடை தெரிஞ்ச பிறகு, தெரியாம முழிச்சப்போ என்ன பார்த்தோம்கறதுதான் முதல்ல அழியுது. அதனாலதான் மெஷின் ஓட ஆரம்பிச்ச கையோட எழுதணும்.

இன்னொண்ணு, சரிபார்க்கறதுக்கு ஆள் வேணும். மாடல் மாறினா பழைய குறிப்பு பொய்யாயிடும். ரெண்டு குறிப்பு காலை வாரிவிட்டா, மூணாவதை எவனும் திறக்க மாட்டான்.

இப்ப தலைப்பை மாத்திட்டேன். அந்தத் தம்பியையே படிச்சுப் பார்க்கச் சொன்னேன். "அண்ணே, இது இருந்திருந்தா பத்து நிமிஷ வேலை"ன்னான். அவன் முழிச்ச ராத்திரிக்கு நான்தான் பொறுப்பு.