நாட்கூலிப் பதிவேட்டுச் சரிபார்ப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கட்டட வேலைத்தளங்களில் கையால் எழுதப்படும் வரவேட்டைப் படியெடுத்து, வேலைநாட்களைக் கொடுத்த கூலியோடு ஒப்பிடும் பணி. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு நாட்கூலியாளரும் உரியவர். தொழிலாளி பங்கு 8%, முதலாளி பங்கு 12%.

குறிகளை உள்ளபடியே படியெடுக்க வேண்டும். மங்கியதை ஊகித்து நிரப்பினால் பிழையே மறைந்துவிடும். உதாரணமாக, 19 முழுநாள், 4 அரைநாள் சேர்ந்து 21 நாள். நாளுக்கு 3,000 ரூபாய் வீதம் 63,000. சேமலாபம் 5,040, முற்பணம் 10,000 கழிய 47,960 கிடைக்க வேண்டும். ஏட்டில் 45,200 என்றிருந்தால் குறைவது 2,760. அது சேமலாபம் போன ஒரு நாள் கூலி. ஆகவே ஒரு முழுநாளோ இரண்டு அரைநாளோ எண்ணாமல் விடப்பட்டிருக்கலாம். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், முதலில் இலக்கங்கள் இடம்மாறினவா என்று பார்ப்பது நல்லது. கையொப்பம் பணம் பெற்றதற்கே சான்று, நாட்கணக்குக்கு அல்ல.