கிளினிக் திகதிச் செய்தி: கர்ப்பிணித் தாய் அதில் பார்க்க வேண்டியவை

வன்னியில் பல ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தர்கள், ஊர்வழக்கில் சொன்னால் மருத்துவமாதர், கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக் திகதிகளை இப்போது கைத்தொலைபேசியிலும் அனுப்புகிறார்கள். திகதிகள் எச் 512 பதிவட்டையிலும் எழுதப்படும். ஆனால் அட்டை வீட்டில் பெட்டிக்குள் இருக்கும், தொலைபேசி கையில் இருக்கும். ஆகவே பலர் செய்தியைத்தான் பார்க்கிறார்கள். திகதியை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அந்தத் திகதி எதிலிருந்து கணக்கிடப்பட்டது, எந்தப் பரிசோதனையைப் பிற்போடலாம், எதைப் பிற்போட முடியாது என்பது தெரிந்தால்தான் செய்தியால் பயன்.

முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில், முதல் பிள்ளையைச் சுமக்கும் 28 வயதுத் தாய்க்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது.

"வணக்கம். கடைசி மாதவிடாயின் முதல் நாள் 05.01.2026. பிள்ளை பிறக்கும் என எதிர்பார்க்கும் திகதி 12.10.2026.
24.02 முதல் கிளினிக். இரத்தம், சலம், சாப்பிட்டு 2 மணித்தியாலத்தின் பின் சீனி. பழைய மருத்துவக் கடிதங்கள் கொண்டுவரவும்.
31.03 கிளினிக். முதலாவது ஏற்புவலித் தடுப்பூசி. முதல் ஸ்கான் ஆஸ்பத்திரியில், 23.03க்கும் 13.04க்கும் இடையில்.
28.04 கிளினிக்.
26.05 கிளினிக். இரண்டாவது ஊசி. அடுத்த ஸ்கான் 11.05க்கும் 08.06க்கும் இடையில்.
23.06 குளுக்கோஸ் பரிசோதனை. வெறும் வயிற்றுடன் வரவும்.
21.07 கிளினிக். இரத்தச்சோகைப் பரிசோதனை மீண்டும்.
அதன்பின் 15.09 வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு வாரந்தோறும்.
துணைக்கு கணவர், தாய், சகோதரி அல்லது நீங்கள் நம்பும் ஒருவர் வரலாம். கர்ப்பிணித் தாய்மார் வகுப்புக்கு முடிந்தால் கணவருடன் வரவும்."

இந்தச் செய்தியின் உயிர் முதல் வரியில் இருக்கிறது. மற்ற எல்லாத் திகதிகளும் 05.01 என்ற ஒரே நாளிலிருந்து வாரம் வாரமாக எண்ணி எடுக்கப்பட்டவை. அந்த நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள், 12.10இல் முடிகின்றன. முதல் ஸ்கானுக்குச் சொன்ன காலம் 11 முதல் 14 வாரம் வரை. குளுக்கோஸ் பரிசோதனைக்கு உரிய காலம் 24 முதல் 28 வாரம் வரை. முதல் திகதி பிழைத்தால் எல்லாம் சேர்ந்து பிழைக்கும்.

பிழைப்பது அபூர்வமும் அல்ல. கர்ப்பம் தங்கிய தொடக்கத்தில் சிலருக்குச் சிறிது இரத்தம் படும். அதை மாதவிடாய் என்று நினைத்து அந்த நாளைச் சொல்லிவிடுவார்கள். டெப்போ ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கும் மாதவிடாய் ஒழுங்காக வராததால் நாள் சரியாகத் தெரியாது. மேலே சொன்ன தாய்க்கு 05.01இல் பட்டது அப்படியான இரத்தம், உண்மையான மாதவிடாய் 08.12.2025இல் வந்தது என்று எடுப்போம். அவர் 31.03இல் ஸ்கானுக்குப் போனால் பிள்ளை 12 வார அளவில் அல்ல, 16 வார அளவில் தெரியும். அப்படியானால் எதிர்பார்க்கும் திகதி 12.10 அல்ல, 14.09. அடுத்த ஸ்கான் ஏப்ரல் நடுவிலிருந்து மே 11க்குள் எடுக்கப்பட வேண்டும். திருத்தாமல் விட்டால் அவர் ஒக்டோபர் 12ஆம் திகதியை நம்பி வீட்டில் இருப்பார். அன்றைக்கு அவருக்கு 44 வாரம். 40 வாரம் கடந்து போகப்போக சூல்வித்தகத்தின் வேலை குறைவதும், பிள்ளைக்கு ஆபத்துக் கூடுவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தவை.

ஆகவே ஸ்கான் எடுத்து வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "திகதி மாறுகிறதா?" மாறினால் அட்டையில் புதுத் திகதி எழுதப்பட வேண்டும், செய்தியும் புதிதாக வர வேண்டும். பழைய செய்தியை அழித்துவிடுங்கள். இரண்டும் தொலைபேசியில் கிடந்தால் வீட்டில் யாராவது பழையதைப் பார்த்துத்தான் நாள் எண்ணுவார்கள். வயிற்றுப் பிள்ளையின் வயதைத் திட்டமாகச் சொல்லக்கூடியது இந்த முதல் ஸ்கான். பிறகு எடுப்பவற்றில் பிள்ளைக்குப் பிள்ளை வளர்ச்சி வேறுபடுவதால் கணக்கு தளர்ந்துவிடும். பஸ் இல்லை, மழை என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

"பழைய மருத்துவக் கடிதங்கள்" என்ற சொல் எங்கள் பகுதியில் வேறு இடங்களை விடக் கனமானது. 28 வயதுத் தாய் 2009இல் 11 வயதுப் பிள்ளை. தடுப்பூசி அட்டை இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். எழுத்து ஆதாரம் இல்லாவிட்டால் ஊசி போட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது. அதனால்தான் செய்தியில் இரண்டு ஏற்புவலி ஊசிகள் இருக்கின்றன. முதலாவது 12 வாரம் கழிந்த பின், அடுத்தது அதிலிருந்து 6 முதல் 8 வாரத்துக்குள். பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசிக்காவது துண்டு இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆனால் தொலைந்த காகிதத்தை விட முக்கியம், காகிதமே இல்லாமல் உடம்பில் இருப்பது. முதுகிலோ இடுப்பிலோ ஷெல் துண்டு இருக்கிறதா, அதை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். சிசேரியனுக்கு முள்ளந்தண்டில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதுதான் வழக்கம். அந்த இடத்தில் உலோகமோ பழைய காயமோ இருப்பதை மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே அறிந்தால் வேறு வழி யோசிக்கலாம். நள்ளிரவில் சத்திரசிகிச்சை அறைக்குள் அறிந்தால் நேரம் இருக்காது. இடுப்பெலும்பு முறிந்து பொருந்தியவர்களுக்கு சுகப்பிரசவம் முடியுமா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். வயிற்றில் செய்த சத்திரசிகிச்சையும் அப்படியே. காயப்பட்டபோது இரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறருடைய இரத்தம் ஏறியவரின் உடலில் பிறபொருளெதிரிகள் உருவாகியிருக்கலாம். அவற்றுள் சில பிள்ளையின் இரத்தத்தைத் தாக்கக்கூடியவை. இவற்றை யாரும் கேட்காமல் விட்டாலும் நீங்களே சொல்லி அட்டையில் எழுதுவியுங்கள். எங்கே, எப்படிக் காயப்பட்டீர்கள் என்ற கதையைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. உடம்பில் என்ன இருக்கிறது என்பது போதும்.

செய்தியில் துணை கட்டாயம் வேண்டிய நாள் 23.06. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறு எதுவும் எடுக்கக் கூடாது. போனதும் ஒரு தரம் இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். அதன்பின் இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருக்க வேண்டும். நடந்து திரியக் கூடாது, வேறெதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு மணித்தியாலத்திலும் இரண்டாவதிலும் மறுபடி இரத்தம் எடுப்பார்கள். உட்கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வரும் தாய்க்குத் தலைசுற்றும். பசி தாங்காமல் வழியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ஏச்சு விழும் என்று மறைப்பவர்களும் உண்டு. மறைத்தால் முடிவு பிழைக்கும். குடித்ததைச் சத்தியெடுத்தாலும் பரிசோதனை செல்லாது. இரண்டையும் தாதியிடம் சொல்லி வேறொரு நாள் கேட்பதில் வெட்கம் இல்லை. துணைக்கு வருபவர் கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வரட்டும், கடைசி இரத்தம் எடுத்தவுடன் தேவைப்படும்.

முதல் கிளினிக்கில் சீனி பார்த்தாயிற்றே, இது எதற்கு என்று கேட்கிறார்கள். முதலில் பார்ப்பது முன்பே இருந்த நீரிழிவை. கர்ப்பத்தால் வரும் நீரிழிவு பெரும்பாலும் 24 வாரத்தை ஒட்டியே வெளிப்படும். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். இந்தப் பரிசோதனையைத் தவறவிட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தருக்கு அன்றே அழைத்துச் சொல்லுங்கள்.

இனி, யார் வரலாம் என்ற வரி. கணவர் என்ற சொல்லைக் கண்டதும் கிளினிக்குக்குப் போகத் தயங்கும் பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். கணவர் வெளிநாட்டில், கணவர் பிரிந்துவிட்டார், மறுமணம் பதிவாகவில்லை, சிலருக்குச் சொல்ல விரும்பாத வேறு காரணம். துணை என்பது அனுமதி, நிபந்தனை அல்ல. கணவர் வரவில்லை என்பதற்காகப் பதிவையோ பரிசோதனையையோ மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. தனியே போவதும் சரிதான்.

மறுபக்கமும் உண்டு. துணைக்கு வந்தவர் எல்லா இடத்துக்கும் வர வேண்டியதில்லை. முதல் இரத்தத்தில் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டும் பார்க்கப்படும். இது யார் மீதும் சந்தேகத்தால் அல்ல, எல்லாத் தாய்மாருக்கும் செய்வது. இந்த நோய்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இல்லாதொழித்த நாடாக இலங்கை 2019இல் அங்கீகாரம் பெற்றதற்கு இந்தப் பரிசோதனைதான் அடிப்படை. முடிவு உங்களுக்கு உரியது, மாமியாருக்கோ கணவருக்கோ அல்ல. வீட்டில் அடி உதை இருந்தால் அதைச் சொல்லவும் தனிமை வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடமாவது தனியே பேசக் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே நட்பு நிலையம் இருக்கிறது.

தொலைபேசி பொதுவானது என்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். செய்தியில் திகதி மட்டும் வரட்டும், முடிவுகள் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தமிழ் தெரியாத வைத்தியர் இருக்கக்கூடும். அங்கே போகும் நாட்களில் சிங்களம் தெரிந்த உறவினர் கிடைத்தால் அவரே நல்ல துணை. பிரசவ அறையில் துணை நிற்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். பல இடங்களில் பெண் துணை ஒருவரை விடுவார்கள், கணவரை விடுவது இடவசதியைப் பொறுத்தது. 15.09 கிளினிக்குக்குப் போகும்போது இதைக் கேட்டு, பெயரையும் கொடுத்துவிடலாம்.

செய்தியில் இல்லாத நாட்களும் வரும். தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல், இரத்தம் படுதல், நீர் உடைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், இவற்றில் ஒன்று நடந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமையைப் பார்க்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசம். ஏறும்போது அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெல் துண்டு இருப்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது, செய்தியில் அல்ல.