மூன்றாம் போகத்தின் நீர்: செங்கற்பட்டு ஏரிப் பகுதியில் பசுமைப் புரட்சி

தமிழகத்தில் பசுமைப் புரட்சியைப் பற்றி எழுதுவோர் தஞ்சையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டம் அங்கேதான் வந்தது. 1965இல் வெளியான ஆடுதுறை 27 அங்கேதான் குறுவையில் பரவியது. ஆனால் அந்த மாற்றத்தின் சூழலியல் விலையை அறிய, காவிரி எட்டாத பழைய செங்கற்பட்டு மாவட்டமே பொருத்தமான களம். ஸ்ரீபெரும்புதூரும் பிள்ளைப்பாக்கமும் அடங்கிய இந்த நிலப்பரப்பு பெரும்பாலும் ஏரியை நம்பியது. இங்கே புதிய விதை கேட்ட நீரை ஏரியால் தர முடியவில்லை, கிணறு தந்தது.

இப்பகுதியின் நெல் பருவங்கள் மூன்று: சம்பா, நவரை, சொர்ணவாரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். ஆகவே சம்பா ஏரிப் பயிர். தை, மாசியில் நிற்கும் நவரைக்கு ஏரியின் மிச்ச நீர் ஓரளவு உதவும். சித்திரை வெயிலில் தொடங்கும் சொர்ணவாரிக்கு ஏரியில் பெரும்பாலும் எதுவும் இராது. நீர் இருந்தாலும் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களை மற்ற பருவங்களில் நட முடியாது. பகல் குறுகும் காலத்தில்தான் அவை கதிர்விடும். அந்த வகையில் ஒரு போகம் என்ற வரம்பை ஏரி மட்டுமன்றி நெல்லும் விதித்திருந்தது.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 இந்த இரண்டாவது வரம்பை உடைத்தது. இந்தோனேசியாவின் பீட்டாவையும் தைவானின் ஒரு குட்டை ரகத்தையும் கலந்து பிறந்த நெல் அது. சுமார் 130 நாளில் அறுவடைக்கு வரும். பகலின் நீளத்தைப் பார்க்காது. தாள் குட்டையானதால் தழைச்சத்து கூடினாலும் சாயாது. நீரும் உரமும் தவறாமல் கிடைத்தால் எக்டேருக்கு 5 டன்னுக்கு மேல் விளையும். 1965-66, 1966-67 வறட்சிகளும் அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களும் கண்முன் நின்ற காலம். சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சர். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி வாக்குறுதியானது. இந்த அவசரத்தை மறந்துவிட்டு அன்றைய முடிவுகளை இன்றிருந்து கண்டிப்பது நேர்மையாகாது.

விதை பரவிய வேகம் மட்டும் மிகைப்படுத்தப்பட்டது. பக்கத்து வட ஆர்க்காட்டில் 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராமங்களில் கணக்கெடுத்தபோது, புதிய ரகங்களின் பரப்பு அரசுப் புள்ளிவிவரத்தைவிட வெகுவாகக் குறைவாக இருந்தது. பத்தாண்டு கழித்து நடந்த மறு ஆய்வில் நெற்பரப்பின் பெரும்பகுதி புதிய ரகங்களின் கையில். சிறு விவசாயிகளுக்கும் கூலியாட்களுக்கும்கூட வருமானம் உயர்ந்திருந்தது. பணக்காரர் மட்டுமே கொழுத்தனர் என்ற எளிய முடிவு இதனால் நிற்கவில்லை.

இந்த ஆதாயத்துக்கான நீர் எங்கிருந்து வந்தது? ஏரியின் ஆயக்கட்டிலேயே தோண்டிய கிணறுகளிலிருந்து. இப்பகுதியில் பல இடங்களில் பாறைமேல் உள்ள சிதைந்த அடுக்கில்தான் நீர் தங்கும். அதன் ஊற்றுக்கு ஏரிக் கசிவே முக்கிய ஆதாரம். ஆக, கிணற்றுக்காரர் இறைத்ததில் ஒரு பங்கு ஏரி நீர்தான். மதகு வழியாக வந்தால் அது ஊர்ப் பொதுநீர், நீர்கட்டி முறைவைத்துப் பிரிப்பார். மோட்டார் வழியாக வந்தால் தனியார் சொத்து. கிணறு உள்ளவர் வண்டல் அள்ளவும் வரத்துக்கால் வெட்டவும் வரவேண்டிய கட்டாயம் இல்லை. குடிமராமத்து முன்பே தளர்ந்திருந்தது. கிணறு அந்தத் தளர்ச்சியை முடித்துவைத்தது. ஏரி தூர்ந்ததும் கசிவு குறைந்தது. கிணறும் வறண்டது.

வறட்சி எப்படி முன்னேறியது என்பதற்கு இயந்திரமே சாட்சி. தரைமட்டத்தில் வைத்த மின்மோட்டார் நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்கியதும் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள்; பிறகு கிணற்றை ஆழப்படுத்தினார்கள்; பிறகு ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும். ஒவ்வொரு படிக்கும் பணம் வேண்டும். அது இல்லாதவர் அந்தப் படியிலேயே நின்றார். இறைத்தபின் கிணறு மறுபடி ஊற எடுக்கும் நேரம் நீள்வதுதான் முதல் எச்சரிக்கை. அதைப் பார்த்து இறைப்பைக் குறைக்கக் காரணம் இருக்கவில்லை. நான் விட்டுவைத்தால் பக்கத்துக் கிணறு எடுத்துக்கொள்ளும். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-91வாக்கில் அனைவருக்கும் வந்த இலவச மின்சாரம், கடைசிக் குடம் நீருக்கும் விலையை நீக்கிற்று. கடனில் நின்ற விவசாயிக்கு அது உயிர். நிலத்தடி நீருக்கு நேர்மாறு.

உரம், பூச்சிமருந்து குறித்த குற்றச்சாட்டுகளுக்கும் அடிப்படை உண்டு. தழையுரமும் ஏரி வண்டலும் இருந்த இடத்தை யூரியா பிடித்தது; குட்டை நெல் மாட்டுக்குத் தந்த வைக்கோலும் குறைவு. ஆனாலும் ரகத்தை மாற்றலாம், மண்ணைத் தேற்றலாம். தூர்ந்த ஏரியையும் அதைக் காத்த ஊர் ஏற்பாட்டையும் மீட்பது அவ்வளவு எளிதன்று.

இன்று பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்கா நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்ததிலிருந்தே இந்த வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கிவிட்டது. நிலம் கைமாறியதற்குப் பசுமைப் புரட்சியைக் காரணமாக்குவது மிகை. நெடுஞ்சாலையும் துறைமுகமும் அரசின் கொள்கையுமே அதை முடிவுசெய்தன. எனினும் ஆலைகள் வருவதற்கு முன்பே இப்பகுதியின் ஏரிப் பாசனம் உள்ளுக்குள் நொடிந்திருந்தது என்பதை, ஏரிகளின் அழிவை முழுவதும் ஆலைகளின் கணக்கில் எழுதுவோர் கவனிப்பதில்லை.