தொடக்கக் கல்வியில் பிழையறி பல்தேர்வு வினா

பிழையறி பல்தேர்வு வினா என்பது, மாணவர் தெரிந்தெடுக்கும் தவறான விடையைக் கொண்டே அவர் எதைத் தவறாகப் புரிந்துகொண்டுள்ளார் என்று அறியும் வகையில் அமைக்கப்படும் வினா ஆகும். பொதுவான பல்தேர்வு வினாவில் சரியான விடைக்கு மட்டுமே பொருள் உண்டு. மற்றவை இடத்தை நிரப்புபவை. பிழையறி வினாவிலோ ஒவ்வொரு தவறான தெரிவும் ஒரு குறிப்பிட்ட பிழையான சிந்தனையின் விளைவாக இருத்தல் வேண்டும். ஏழு வயதுக் குழந்தையால் தன் சிந்தனையை எழுதி விளக்க இயலாது என்பதால் இரண்டாம் வகுப்பு அளவில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் 2022 சூன் மாதம் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்க வகை செய்தது. ஒரு குழந்தை எந்நிலையில் உள்ளது என்று அறிவதற்கு மதிப்பீடு தேவைப்படுகிறது. 2019 இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சமவெளி ஊர்களின் தொடக்கப் பள்ளிகளும் கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. இவ்விரு சூழலுக்கும் பொருந்தும் வினாவை எழுதுவது எவ்வாறு என்பதைக் கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் விளக்குகின்றன.

எண்பெயரும் எண்ணுருவும்

தமிழ் எண்பெயர்களில் ஒன்பதின் வரிசை தனித்தன்மை உடையது. ஒன்பது என்னும் சொல்லின் இறுதியில் பத்தைக் குறிக்கும் ‘பது’ உள்ளது. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. அதாவது 9, 90, 900 ஆகிய மூன்றும் தமக்கு அடுத்த உயர்ந்த இடத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இருபது முதல் எண்பது வரை ‘பது’ என்னும் ஒழுங்கைக் கேட்டுப் பழகிய குழந்தை தொண்ணூறில் இடறுவது இயல்பே. இங்கு குழப்பம் மொழியில் உள்ளது, குழந்தையிடம் இல்லை.

ஆசிரியர் “தொண்ணூற்று மூன்று” என்று இருமுறை சொல்லி, அதற்குரிய எண்ணை வட்டமிடச் சொல்வதாகக் கொள்வோம். தெரிவுகள்: 93, 103, 903, 39.

103 ஐத் தெரிந்தெடுக்கும் குழந்தை, சொல்லின் பிற்பகுதியான “நூற்று மூன்று” என்பதை மட்டும் பற்றிக்கொண்டிருக்கலாம். 39 ஐத் தெரிந்தெடுப்பவர் இலக்கங்களின் இடத்தை மாற்றியிருக்கிறார். தமிழில் பத்தின் பெயரே முதலில் வருவதால் இப்பிழைக்கு எண்பெயர் காரணமாவதில்லை. செருமன் மொழியில் ஒன்றின் பெயர் முன்னதாக வருவதால் அங்கு இதே பிழை பெயரிலிருந்தே பிறக்கக்கூடும். ஆகவே பிறமொழி வினாத்தாளின் தெரிவுகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் அவற்றின் பொருள் மாறிவிடும்.

சிக்கல் 903 இல் உள்ளது. கேட்டதைக் கேட்டபடியே எழுதும் குழந்தை, தொண்ணூறு என்பதற்கு 90 எனவும் அதன் பின்னர் 3 எனவும் எழுதி 903 ஐ அடைகிறது. தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் ஒன்றாகக் கருதும் குழந்தையும் 903 ஐயே அடைகிறது. முதற்குழந்தைக்கு இடமதிப்பைக் கற்பிக்க வேண்டும். இரண்டாவதற்கு இரு பெயர்களை வேறுபடுத்திக் காட்டினால் போதும். ஒரே தெரிவில் இரு காரணங்கள் கலந்திருப்பதால் இவ்வினா மட்டும் போதாது. “எழுபத்து மூன்று” என்பதை 73, 703, 37, 173 என்னும் தெரிவுகளுடன் துணை வினாவாகச் சேர்க்க வேண்டும். 903, 703 ஆகிய இரண்டையும் எடுப்பவர் கேட்டபடி எழுதுபவர். 73 ஐச் சரியாக எடுத்து, 903 இல் மட்டும் தவறுபவருக்குச் சிக்கல் பெயரில் உள்ளது.

இவ்வினாவில் எண்பெயரை எழுத்தில் அச்சிடலாகாது. அச்சிட்டால் அது வாசிப்புத் தேர்வாகிவிடும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் குழந்தை எண்ணில் தவறியதாகப் பதிவாகும்.

கழித்தல்

தேசிய அளவில் 2021 இல் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் திட்டம், 99 வரையிலான எண்களைக் கழிப்பதை இரண்டாம் வகுப்பின் இலக்குகளுள் ஒன்றாகக் குறித்தது. கழித்தலில் குழந்தைகள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒழுங்கான தவறான வழிமுறைகள் என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான பிரவுன், பர்ட்டன் ஆகியோர் 1978 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். கணினி நிரலில் உள்ள வழுவைப் போலவே, ஒரு குழந்தையின் வழுவும் அடுத்த கணக்கில் என்ன விடை வரும் என்று முன்கூட்டியே கூற இடமளிக்கிறது.

52 − 27 என்னும் கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 25. மேலே 2, கீழே 7 என்று கண்டதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் குழந்தை 5 என எழுதி, பத்துகளில் 3 என எழுதுகிறது, விடை 35. கடன் வாங்கி 12 − 7 = 5 என்று சரியாகச் செய்துவிட்டு, பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்த குழந்தைக்கும் விடை 35. இரண்டும் முற்றிலும் வேறான பிழைகள். முதற்குழந்தை கடன் வாங்குதலையே அறியவில்லை. இரண்டாவது ஏறத்தாழ முழுமையாக அறிந்துள்ளது.

ஒன்றாம் இட இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருக்கும்போதெல்லாம் இவ்வாறு நிகழும். இதைத் தவிர்க்க ஓர் எண்ணை மாற்றினால் போதும். 53 − 27 இல் சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவருக்கு 34. பத்தைக் குறைக்க மறந்தவருக்கு 36. மூன்றில் ஏழு போகாது என்று 0 எழுதுபவருக்கு 30 கிடைக்கும். கூட்டிவிட்டவருக்குரிய 80 ஐ இங்கு சேர்ப்பது அத்தனை நல்லதன்று. மற்றவற்றினும் மிகப் பெரியதாகத் தனித்து நிற்பதால் பலர் கணக்கிடாமலேயே அதனை நீக்கிவிடுவர். அத்தெரிவுக்கு உரிய இடம் சொற்கணக்கு: “கூடையில் 53 கடுக்காய்கள் இருந்தன. 27 கடுக்காய்களை எடுத்துவிட்டார்கள். மீதம் எத்தனை?” என்பதில் 80 ஐ எடுப்பவர் சூழலை உணராமல் எண்களை மட்டும் கண்டவராக இருக்கக்கூடும். கடுக்காய் கல்வராயன் மலைக் குழந்தைகள் அறிந்த பொருள். சமவெளி வகுப்பில் புளியங்காய் என மாற்றிக்கொள்ளலாம். பொருளை மாற்றலாம், எண்களை மாற்றலாகாது.

தெரிவுகளைத் திரட்டுதல்

தவறான தெரிவுகளை மேசையில் அமர்ந்து கற்பனை செய்வதை விட, அதே வினாவைத் தெரிவுகள் இன்றி முதலில் பலகையில் எழுதச் சொல்லி, கிடைக்கும் விடைகளைத் தொகுப்பதே நம்பகமான வழி. பலமுறை தோன்றும் தவறான விடைகளைத் தனியே எடுத்து, அவற்றை எழுதிய குழந்தைகளிடம் “எப்படிச் செய்தாய்?” என்று கேட்டால் காரணம் தெரியவரும். காரணம் கூற இயலாத விடை எவ்வளவு அடிக்கடி வந்தாலும் தெரிவாகத் தக்கதன்று. நான்காவது தெரிவுக்குப் பொருளுள்ள பிழை கிடைக்காவிடின் மூன்றோடு நிறுத்தலாம்.

ஊகித்து விடையளித்தல் இம்முறையின் முதன்மையான வரம்பு. நான்கு தெரிவுகள் உள்ள வினாவில் 32 குழந்தைகளும் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டால் சராசரியாக 8 பேர் 34 ஐ எடுப்பர். அவர்களுள் எவருக்கும் அந்த வழு இருக்க வேண்டியதில்லை. அதே வழுவைச் சோதிக்கும் இரண்டாவது வினாவிலும், எடுத்துக்காட்டாக 64 − 38 இல் 34 ஐயே, ஊகத்தால் எடுப்பவர் 2 பேராகக் குறைவர். ஆனால் இங்கு விடை எண் முந்தைய வினாவின் தெரிவோடு ஒன்றாக இருப்பதால், குழந்தை அவ்வெண்ணை நினைவில் வைத்து வட்டமிடவும் கூடும். எனவே 71 − 38 போன்ற கணக்கு பொருத்தமானது. அதில் அவ்வழுவின் விடை 47, சரியான விடை 33, பத்தைக் குறைக்க மறந்தால் 43.

பதிவேட்டில் சரி, தவறு என்று மட்டும் குறித்தால் இவ்வளவு உழைப்பும் வீணாகும். எந்தத் தெரிவு எடுக்கப்பட்டது என்பதையே குழந்தையின் பெயருக்கு எதிரில் குறிக்க வேண்டும்.