சமன் ஆட்டமும் அரை வெற்றியும்: கபடிப் புள்ளிப் பட்டியலில் ஒரு கணக்கு

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசனைத் தந்தது தாமிரபரணிப் படுகை. இங்குள்ள ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பவை. தோற்ற அணி வெளியேறிவிடும் என்பதால், ஆட்டம் சமனானாலும் அங்கேயே ஒரு முடிவு கண்டாக வேண்டும். லீக் முறையில் சமன் ஆட்டம் சமனாகவே பட்டியலில் ஏறுகிறது. அதன் மதிப்பு என்ன என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது.

வெற்றி விழுக்காட்டைக் கணக்கிடுவோர் சமனை அரை வெற்றியாகக் கொள்வது வழக்கம். வெற்றிக்கு 2, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்று புள்ளி தரும் லீக்கில் இந்த விழுக்காடும் ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளியும் ஒரே தரவரிசையையே தரும். சமனுக்கு வெற்றியின் பாதிப் புள்ளி தராத முறைகளில் எப்போதும் அப்படி அமைவதில்லை. அங்கே இரண்டும் எவ்வளவு விலகுகின்றன, அந்த விலகலுக்குச் சமன் எவ்வளவு பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கால்பந்தில் வெற்றிக்கு 3, சமனுக்கு 1. அரை வெற்றிக்கு ஒன்றரைப் புள்ளி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறது. ஒவ்வொரு சமனிலும் அரைப் புள்ளி குறைகிறது. புரோ கபடி லீக்கில் 2024 வரை வெற்றிக்கு 5, சமனுக்கு 3, ஏழு புள்ளி அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் 1. அரை வெற்றிக்கு இரண்டரைதான் வர வேண்டும், வருவதோ மூன்று. ஆக, கால்பந்து சமனுக்கு அபராதம் விதிக்க, கபடி அதே அரைப் புள்ளியைப் பரிசாகத் தந்தது. இதனால் கபடியில் ஓர் அணியின் மொத்தப் புள்ளியை மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம்: சமனை அரையாகச் சேர்த்த வெற்றி எண்ணிக்கையின் ஐந்து மடங்கு, சமன்களின் எண்ணிக்கையில் பாதி, நெருக்கமான தோல்விகளின் எண்ணிக்கை.

இந்தக் கணக்கை 2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை பெங்களூருவில் நடந்த எட்டாம் பருவத்தில் வைத்துப் பார்க்கலாம். 12 அணிகளும் தலா 22 ஆட்டம் ஆடின. யு.பி. யோதா 10 வெற்றி, 9 தோல்வி, 3 சமனுடன் 68 புள்ளி பெற்று மூன்றாம் இடம் பிடித்தது. புனேரி பல்தான் 12 வெற்றி, 9 தோல்வி, 1 சமனுடன் 66 புள்ளி பெற்று ஆறாம் இடத்தில் நின்றது. அரை வெற்றிக் கணக்கில் வரிசை தலைகீழாகிறது: புனேரிக்கு 22 ஆட்டத்தில் 12.5 வெற்றி, அதாவது 56.8 விழுக்காடு, யோதாவுக்கு 11.5, அதாவது 52.3 விழுக்காடு. புனேரி மூன்றாம் இடத்துக்கு ஏறும். யோதாவோ ஹரியானா ஸ்டீலர்ஸுடன் ஆறாம் இடத்தைப் பகிர்ந்துகொள்ள, பிளே ஆஃப் வாய்ப்புக்கே இன்னொரு விதி தேவைப்படும்.

சமனுக்கு அதிகப் புள்ளி தந்ததால்தான் இது நேர்ந்தது என்று முதல் பார்வையில் தோன்றும். பிரித்துப் பார்த்தால் அப்படியில்லை. புனேரியின் 66 என்பது 62.5, 0.5, 3 ஆகியவற்றின் கூட்டு. யோதாவின் 68 என்பது 57.5, 1.5, 9 ஆகியவற்றின் கூட்டு. வெற்றிக் கணக்கில் புனேரி 5 புள்ளி முன்னே இருக்கிறது. சமன் கூறு யோதாவுக்கு 1 புள்ளியை மட்டுமே மீட்டுத் தருகிறது. மீதி 6 புள்ளியும் நெருக்கமான தோல்விகள் தந்தவை. யோதா தோற்ற ஒன்பது ஆட்டங்களுமே ஏழு புள்ளிக்குள் முடிந்தவை. தோல்விப் புள்ளியை நீக்கினால் 63க்கு 59 என்று புனேரியே முன்னிலை பெறும். சமனுக்கு 3 தருவதில் கைவைக்கத் தேவையே இல்லை.

சமன்களின் எண்ணிக்கையில் இதைவிட உச்சமான சான்று தமிழ் தலைவாஸ். 5 வெற்றி, 11 தோல்வி, 6 சமன், 47 புள்ளி. சமனைக் கணக்கில் எடுக்காமல் வெற்றிகளை மட்டும் எண்ணினால் 22.7 விழுக்காடு, அரையாகச் சேர்த்தால் 36.4. ஆறு சமன்கள் இருந்தும் அரை வெற்றிக் கணக்குக்கு மேல் அவை தந்த கூடுதல் 3 புள்ளிதான். இரண்டு கணக்கிலும் அணிக்குப் பதினொன்றாம் இடமே.

அப்படியானால் சமனின் மதிப்பு எங்கே உண்மையில் தீர்மானகரமாகும்? அணிகள் சமமற்ற எண்ணிக்கையில் ஆடியிருந்து, அவற்றின் சமன் எண்ணிக்கையும் பெரிதும் மாறுபடும்போது. நெல்லையில் ஒரு மாவட்ட லீக் வடகிழக்குப் பருவமழையால் பாதியில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் அணி 6 ஆட்டத்தில் 4 வெற்றி, 2 தோல்வி. இரண்டாம் அணி 7 ஆட்டத்தில் 3 வெற்றி, 3 சமன், 1 தோல்வி. அரை வெற்றிக் கணக்கில் 66.7க்கு 64.3 என்று முதல் அணி முந்தும். கால்பந்துப் புள்ளியில் இரண்டுக்கும் மொத்தம் 12. ஆட்டச் சராசரி 2.00, 1.71 என்பதால் முதல் அணியே முந்தும். பழைய கபடிப் புள்ளியில், தோல்விப் புள்ளியைச் சேர்க்காமலே, சராசரி 3.33க்கு 3.43 என்று இரண்டாம் அணி முன்னே வந்துவிடும்.

சராசரி எடுப்பது ஆட்ட எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வை மட்டுமே சரிசெய்யும். புள்ளி முறைக்குள் இருக்கும் சாய்வு அப்படியே நிற்கும். எதிரணிகளின் வலிமையில் உள்ள வேறுபாட்டை இரண்டு அளவுகளுமே காட்டுவதில்லை.

2025 பருவத்தில் புரோ கபடி லீக் வெற்றிக்கு 2, தோல்விக்கு 0 என்று மாறி, சமனான ஆட்டங்களுக்கும் டை பிரேக்கர் வைத்தது. அதன்பின் சராசரிப் புள்ளி வெற்றி விகிதத்தின் இரு மடங்காகவே இருக்கும். இரண்டு பட்டியல்களும் முரண்பட இடமில்லை. சமனை வைத்துக்கொள்ள விரும்பும் உள்ளூர் லீக்குகள் 2, 1, 0 முறையில் அதே ஒற்றுமையைப் பெறலாம். நெருக்கமான தோல்விக்குப் புள்ளி தருவதானால், அதைத் தனிப் பத்தியில் காட்டுவதே முறை. எட்டாம் பருவத்தில் வரிசையைப் புரட்டியது அந்தப் பத்திதான்.