நீர், நீங்கள், தாங்கள்

எங்கள் திருநெல்வேலியில் 'நீர்' என்றால் கோபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கோபம் இல்லை. "என்னவே, எங்க போறீரு?" என்பது சமவயதுக்காரர்கள் பேசிக்கொள்வது. 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவில் உள்ள படி அது. ஆனால் வயதில் மூத்த கடைக்காரரிடம் அந்தப் படியில் நின்று பேச முடியாது.

இதன் கதை பழையது. 'நீர்' முதலில் பலரைக் குறித்த சொல். ஒருவரையே பன்மையில் சொல்லும் வழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது. அது பேச்சு வழக்கு, இலக்கண முறை ஆகாது என்கிறார் அவர். வழக்கு ஜெயித்தது. 'நீர்' மரியாதைச் சொல்லாகிப் புழங்கிப் புழங்கித் தேய்ந்ததும், அதற்கு மேலே 'கள்' ஏறிய 'நீங்கள்' வந்து உட்கார்ந்தது. கடிதத்துக்கு இன்னும் ஒரு படி மேலே 'தாங்கள்'.

நான் வங்கியில் இருந்தபோது, டெபாசிட் கேட்டு டவுன் ரதவீதிக் கடைகளுக்குக் கடிதம் அனுப்புவோம். ஒருமுறை மேலிடத்திலிருந்து அச்சடித்து வந்த கடிதம் 'தாங்கள்' என்று தொடங்கி, நான்காவது வரியில் 'உமது கணக்கு' என்று இறங்கிவிட்டது. எழுபது வயதுப் பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் அதை மடித்து என் கையில் கொடுத்து, "கோர்ட்டு சம்மன் மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. 'நீர் ஆஜராக வேண்டியது' என்று எழுதுவது கச்சேரித் தமிழ். 'தாங்கள்' என்று ஆரம்பித்தால் 'தங்கள் கணக்கு', 'தாங்கள் வந்தீர்கள்' என்று கடைசி வரி வரை போக வேண்டும். நடுவில் ஒரு 'உமது' விழுந்தால், மேலே எழுதிய மரியாதை ஒப்புக்கு எழுதியது என்று தெரிந்துவிடும். அந்த வருஷம் அவர் பணம் வேறு வங்கிக்குப் போயிற்று.

உறை மேல் எழுதுவதும் இப்படித்தான். என் தகப்பனார் காலத்தில் 'ம-ரா-ரா-ஸ்ரீ' (மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம்). 1967இல் அண்ணா ஆட்சி 'ஸ்ரீ'க்குப் பதில் 'திரு' என்று ஆணையிட்டது. பெரியவர்களுக்கு வெறும் 'திரு' மொட்டையாகப் பட்டது. அதனால் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' சேர்த்தே எழுதினோம். பங்குதாரர்கள் நடத்தும் கடையென்றால் 'திருவாளர்கள்'.

நேரில் போனால் 'அண்ணாச்சி' போதும். கூடவே 'நீங்க' வர வேண்டும். 'முதலாளி' என்பது கடைப் பையன்கள் கூப்பிடுவது. நாம் சொன்னால் காக்காய் பிடிப்பது போல் இருக்கும். அப்பாவை விட மூத்தவரென்றால் 'ஐயா'. அவர் கடையில் இல்லாதபோதுதான் பலர் வழுக்குவார்கள். கல்லாவில் இருக்கும் மகனிடம் "அப்பா இருக்காரா?" என்பது மதுரைக்கு வடக்கே போதும். இங்கே "அப்பா இருக்காகளா?" என்று கேட்டால்தான் பையன் ஸ்டூலை இழுத்துப் போடுவான்.