டின்னர் முடிந்த பிறகும் இரவு 11.45-க்கு சமையலறைக்குப் போவது ஏன்? அந்தப் பசிக்குள் இருப்பது என்ன?

இரவு 10.30-க்கு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டாயிற்று. தட்டையும் கழுவி வைத்தாயிற்று. 11.45-க்குப் படுத்துக்கொண்டு மொபைலைப் பார்க்கும்போது, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா ஞாபகத்துக்கு வருகிறது. 'ரெண்டே ரெண்டு' என்று எடுக்கப்போன கை, டப்பாவின் அடி தெரியும்போதுதான் நிற்கிறது. அதன் பிறகு ஒரு பாக்கெட் நூடுல்ஸ். மறுநாள் காலையில் வயிறு கனக்கிறது, மனது அதைவிட அதிகமாகக் கனக்கிறது. "எனக்கு கன்ட்ரோலே இல்ல" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, டிபனைத் தவிர்த்துவிட்டு ஆஃபீஸுக்குக் கிளம்புகிறார்.

பெங்களூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் இவர் என்று வைத்துக்கொள்வோம். இது தனி ஒருவரின் கதை அல்ல. இப்படிப்பட்ட பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு வாரத்தை ஒரே ஆளின் வாரமாகச் சொல்கிறோம். அவர் சொல்லும் 'கன்ட்ரோல் இல்லை' என்ற காரணம் பெரும்பாலும் சரியான காரணமே அல்ல. அந்த நேரத்தில் உண்மையில் இரண்டு பாக்கிகள் சேர்ந்து வந்து நிற்கின்றன. ஒன்று, பகலில் உடம்புக்குக் கொடுக்காமல் விட்ட சாப்பாடு. இன்னொன்று, பகலில் சொல்லாமல் விழுங்கிய உணர்வு.

முதல் பாக்கி: பகலில் விட்ட சாப்பாடு

அவருடைய பகலைப் பாருங்கள். காலையில் காபி மட்டும். 1.30-க்கு அரை டப்பா தயிர் சாதம், ஏனென்றால் 'ரைஸைக் குறைக்கிறேன்'. ஐந்து மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். 6.30 முதல் 9.30 வரை அமெரிக்க கிளையன்ட்டோடு கால். பிறகு வீடு திரும்பி அந்த இரண்டு சப்பாத்தி. பகல் முழுக்க வேலையின் ஓட்டத்தில் பசி தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் பசி இல்லை என்று ஆகிவிடாது.

உடம்பின் கடிகாரமும் இதில் ஒரு கை பார்க்கிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 பேரை வெளிச்சம் குறைந்த ஆய்வகத்தில் பல நாள் தங்கவைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் வழக்கமான நேரத்திலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டாலும், எப்போது தூங்கினாலும், உட்கடிகாரத்தின் கணக்கில் காலை எட்டு மணிவாக்கில் பசி குறைவாகவும், இரவு எட்டு மணிவாக்கில் அதிகமாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதான ஆசையும் அதே போக்கில்தான் ஏறியது. ஆக, காலையில் பட்டினி கிடப்பது எளிது. அதை ஈடுகட்டச் சொல்லி உடம்பு கேட்பது, நாம் களைத்துப்போயிருக்கும் நேரத்தில்.

'டயட்ல இருக்கேன்' என்ற நினைப்பே ஒரு பொறியாகலாம். ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் 1975-ல் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள், மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'போச்சு, இன்னைக்கு டயட் கெட்டுப்போச்சு, இனி என்ன' என்ற மனநிலைதான் அது. முறுக்கு டப்பாவில் மூன்றாவது முறுக்கை எடுக்கும்போது நடப்பதும் இதுவே.

இரண்டாவது பாக்கி: 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் என்னென்ன?

ஸ்ட்ரெஸ் பசியை அடக்குமா, தூண்டுமா? இரண்டும் நடக்கும், ஆனால் வேறு வேறு நேரத்தில். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கப்படும் நிமிடத்தில் அட்ரினலின் ஏறுகிறது, வயிறு இறுகுகிறது, சாப்பாடே வேண்டாம் என்றிருக்கும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மெதுவாக ஏறி, நீண்ட நேரம் நிற்கக்கூடியது. நாள் கணக்கில் தொடரும் நெருக்கடியில் அது பசியைக் கூட்டி, கொழுப்பும் இனிப்பும் நிறைந்த உணவின் பக்கம் இழுக்கிறது. அதனால்தான் மதியம் சாப்பிடப் பிடிக்காத அதே ஆளுக்கு நள்ளிரவில் பிரியாணி ஆர்டர் பண்ணத் தோன்றுகிறது.

சாப்பிட்டால் மனது சரியாகிறதா? மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மனதை வருத்தும் காட்சிகளைப் பார்க்கவைத்து, சிலருக்கு அவர்களுக்கு ஆறுதல் தரும் பிடித்த உணவையும், சிலருக்கு வேறு உணவையும் கொடுத்தார்கள், சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தது. தானாகத் தணிந்திருக்கக்கூடிய உணர்வுக்கு, முறுக்கு பெயர் வாங்கிக்கொள்கிறது.

அப்படியென்றால் அந்த அரை மணி நேரத்தில் சாப்பாடு என்னதான் செய்கிறது? கவனத்தைச் சுருக்குகிறது என்பது ஹீதர்டன், பாமைஸ்டர் ஆகிய இருவர் 1991-ல் முன்வைத்த விளக்கம். 'நான் சரியில்லை' என்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மனது, கொஞ்ச நேரத்துக்கு மொறுமொறுப்பையும் உப்பையும் மட்டும் பார்க்கிறது. டப்பா காலியானதும் பழைய நினைப்பு திரும்பிவருகிறது, கூடவே குற்ற உணர்வும்.

தமிழ் வீடுகளில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. "சாப்பிட்டியா?" என்பதுதான் நம் வீடுகளில் "எப்படி இருக்க?" என்பதற்கும் கேள்வி. இரவு 9.40-க்கு அம்மா போனில் கேட்கிறார். இன்னும் சாப்பிடாத மகள், "ஆச்சும்மா" என்கிறார். அங்கே மறைக்கப்படுவது டின்னர் மட்டுமா?

ஒரு வாரக் குறிப்பு என்ன காட்டியது?

கட்டுக்கடங்காமல் சாப்பிடுவதற்கான சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், முதலில் செய்யச் சொல்வது மிக எளிமையான ஒரு வேலை: சாப்பிடும் அன்றே, அப்போதே குறித்துவைப்பது. நேரம், என்ன சாப்பிட்டோம், எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது. கலோரி வேண்டாம், எடை வேண்டாம். நம் உதாரணப் பெண் மொபைலில் ஏழு நாள் குறித்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

செவ்வாய் இரவு நூடுல்ஸ், சிப்ஸ். முன்னால் நடந்தது: கிளையன்ட் முன்னிலையில் மேனேஜர் அவர் பேச்சை வெட்டித் திருத்தினார். அவர் சிரித்துக்கொண்டே "ஷ்யூர்" என்றார். குறிப்பில் முதலில் 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு எழுதியது: 'கோபம். தப்பு என்னோடது இல்ல.'

புதன் இரவு நான்கு தோசை, அதுவும் வேகமாக. முன்னால் எதுவும் நடக்கவில்லை. ஆனால் மதியம் 1.30-க்குப் பிறகு ஒன்பது மணி நேரம் டீயைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இது வெறும் பசி. இதற்கு உளவியல் தேவையில்லை, ஐந்தரை மணிக்கு ஒரு தட்டு சுண்டல் போதும்.

வியாழன் முறுக்கு. ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தார், வீடு அமைதியாக இருந்தது. எழுதியது: 'யாரும் இல்ல.' வெள்ளி ஐஸ்கிரீம். அன்று ரிலீஸ் நல்லபடியாக முடிந்திருந்தது, பாராட்டுகூட வந்தது. எழுதியது: 'காலைல இருந்து இந்த அரை மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு.'

ஞாயிறு எதுவும் இல்லை. காலை இட்லி, மதியம் முழுச் சாப்பாடு, மாலை தோழியோடு ஒரு நடை.

நான்கு இரவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளே நான்கும் வேறு. கோபத்துக்குத் தேவை, மறுநாள் மேனேஜரிடம் தனியாக ஒரு வாக்கியம். தனிமைக்குத் தேவை, அம்மாவிடம் "ஆச்சும்மா" என்பதற்குப் பதில் "இன்னும் இல்லம்மா, இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்வது. வெள்ளிக்கிழமைக்குத் தேவை, சாப்பாட்டில் சேராத அரை மணி நேரம், அதுவும் பதினொன்றரைக்கு முன்னால்.

அந்த நிமிடத்தில் எது எது என்று பிரிப்பது கஷ்டம்தான். ஒரு கேள்வி கொஞ்சம் உதவும்: 'இப்போ தயிர் சாதம் கொடுத்தா சாப்பிடுவேனா?' ஆமாம் என்றால் பசி, தாராளமாகச் சாப்பிடலாம். 'இல்ல, அந்த முறுக்குதான் வேணும்' என்றால் உணர்வின் பங்கு அதிகம். பெரும்பாலான நாளில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே சறுக்கும்?

குறிப்பை மறுநாள் காலையில் எழுதினால், ஞாபகத்தில் மிஞ்சுவது வெட்கம் மட்டும். முந்தைய மணி நேரம் மறைந்துவிடும். இரண்டாவது சறுக்கல், நொறுக்குத்தீனியை வீட்டிலிருந்தே ஒழிப்பது. டெலிவரி ஆப் இருக்கும் ஊரில் அது இரண்டு நாள்கூடத் தாங்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல் காலையில் நடக்கிறது. ராத்திரி சாப்பிட்டதற்குத் தண்டனையாக டிபனைத் தவிர்த்தால், அடுத்த இரவின் முதல் பாக்கி அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தச் சிகிச்சையில் இரவைத் தொடும் முன் பகலைச் சரிசெய்கிறார்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். முந்தைய இரவு என்ன ஆகியிருந்தாலும் காலை டிபன் உண்டு.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எப்போதாவது இப்படிச் சாப்பிடுவது நோய் அல்ல. ஆனால் நிறுத்த முடியாத உணர்வோடு, குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்து, அதனால் மனது மிகவும் வேதனைப்பட்டால், அது 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்' ஆக இருக்கலாம். ஒரு நாள் உணவில் கால் பங்காவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே உள்ளே போகிறது, அல்லது தூக்கத்தில் எழுந்து சாப்பிட்டால்தான் மீண்டும் தூக்கம் வருகிறது என்றால், அது 1955-ல் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்ற மருத்துவர் விவரித்த 'நைட் ஈட்டிங் சிண்ட்ரோம்' பக்கம் வரும். சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றுபவர்கள் மூன்று மாதமெல்லாம் காத்திருக்கவே கூடாது.

சில நேரம் காரணம் மாத்திரையிலும் இருக்கும். ஸ்டீராய்டுகளும் சில மனநல மருந்துகளும் பசியைக் கூட்டும். அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவருக்கு இரவில் வியர்வை, நடுக்கத்தோடு பசி வந்தால், அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது உணர்வை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே சர்க்கரையைச் சோதித்துச் சாப்பிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பலர் 'வெயிட் குறைக்கணும்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கையில் கிடைப்பது இன்னொரு டயட் சார்ட். அதற்குப் பதில், "ராத்திரி சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியல, வாரத்துல இத்தனை நாள் நடக்குது" என்று தொடங்கி, அந்த ஒரு வாரக் குறிப்பைக் காட்டலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.